ஒரே ரசீதுக் கட்டு, மூன்று கூட்டுத்தொகை: ஒரு வெளிநாட்டுப் பயணச் செலவுக் கணக்கின் நிகழ்வு ஆய்வு

பயணச் செலவுகளைச் சரிபார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. 2024 ஏப்ரலில் ஒரு பொறியாளரின் கணக்கு என் மேசைக்கு வந்தது. மார்ச் 18 முதல் 22 வரை ஜப்பானில் பயிற்சி. அதன்பின் 25 முதல் ஏப்ரல் 1 வரை ஜெர்மனியில் ஓர் இயந்திரத்தைப் பொருத்தும் வேலை. ஈஸ்டர் விடுமுறையில் ஆலை நிற்கும் என்பதால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த விடுமுறை பின்னால் கணக்கிலும் தலையிடப் போகிறது.

பட்டியல் சுத்தமாக இருந்தது. ரசீதுகள் ஒரு தாளுக்கு நான்காக ஒட்டப்பட்டிருந்தன. கடைசித் தாளில் யென் மொத்தம், யூரோ மொத்தம், ரூபாய் மொத்தம் என மூன்றே வரிகள். ரூபாய் மொத்தம் 1,47,000.00. பைசா கூடப் பிசகாத வட்டத் தொகை வந்தால் எங்கள் துறையில் புருவம் தானாக உயரும். போட்டுப் பார்த்தால் அது வெறும் தற்செயல். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. யெனும் யூரோவும் எந்த விகிதத்தில் ரூபாயாயின என்று எங்குமே எழுதவில்லை.

கேட்டேன். "கணக்கு எழுதின அன்னைக்கு போன்ல பார்த்தேன் சார். யென் 56 பைசா, யூரோ 91. எல்லா ரசீதும் இருக்கே, அப்புறம் என்ன?"

ரசீதுகள் எல்லாம் இருந்தன என்பது உண்மை. ரசீது இருந்தால் வெளிநாட்டு நாணயத்தில் என்ன செலவு என்பது தெரியும். ரூபாயில் என்ன செலவு என்பது அதில் இல்லை. அந்த மனிதரின் கையிலிருந்து எத்தனை ரூபாய் போனது என்பதுதான் நான் திருப்பித் தர வேண்டிய தொகை. போனில் தெரியும் விகிதம் பொதுவாகச் சந்தையின் நடு விகிதம், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைப்பட்ட எண். அந்த விலைக்குத் தனிமனிதருக்குப் பொதுவாக யாரும் யென் விற்பதில்லை.

இனி வரும் ரசீதுத் தொகைகளையும் விகிதங்களையும் கணக்கு கண்ணுக்குப் புலப்படுவதற்காகச் சற்று எளிதாக்கியிருக்கிறேன். நடந்த விதம் அப்படியேதான்.

முதலில் கட்டைப் பிரித்தேன். நாணயவாரியாக அல்ல, பணம் எந்த வழியில் போனது என்ற வகையில். இதைத்தான் பலரும் செய்வதில்லை. யென் ரசீதுகள் எல்லாம் ஒரே நாணயம் என்பதால் ஒரே விகிதம் என்று நினைத்துவிடுகிறோம். இவருடைய யென் மூன்று வழிகளில் போயிருந்தது. விடுதிக் கட்டணம் 62,400 யென் கார்டில். சாப்பாடும் ரயிலும் 21,600 யென், புறப்படும் முன் வாங்கிய ரொக்கத்தில். ஒரு டாக்சிக்கு 3,260 யென், பழைய சொந்தப் பயணமொன்றில் மீந்து வீட்டில் கிடந்த நோட்டுகளில். யூரோ இரண்டு வழிகளில் போயிருந்தது. விடுதி 742 யூரோ ஒரு விதம், உணவும் போக்குவரத்தும் 186.40 யூரோ இன்னொரு விதம். இரண்டும் ஒரே கார்டுதான், ஆனாலும் விதம் வேறு.

பிரிக்கும்போதே ஒரு தாள் தனித்து நின்றது. ஜெர்மன் விடுதியின் 150 யூரோ சீட்டு. தேதி மார்ச் 25, அதாவது அவர் போய் இறங்கிய நாள். விடுதியின் இறுதிப் பில்லிலோ 742 மட்டுமே இருந்தது, 150 கழிக்கப்படவும் இல்லை, சேர்க்கப்படவும் இல்லை. அது செலவே அல்ல. சேதாரத்துக்கு முன்பாதுகாப்பாகக் கார்டின் வரம்பில் விடுதி பிடித்துவைத்த தொகை. கார்டு இயந்திரம் அச்சிட்ட சீட்டு என்பதால் ரசீது போலவே இருக்கும். கண்டுபிடிக்க ஒரே வழி கார்டு ஸ்டேட்மென்ட். பிடித்துவைப்பு சில நாள் நிலுவையில் தெரிந்து மறைந்துவிடும், கணக்கில் ஏறிய வரிகளில் வராது. இவருடைய ஸ்டேட்மென்ட்டில் வரவில்லை. 150 யூரோ வெளியே போனது. அவர் போட்ட 91 விகிதப்படி அது 13,650 ரூபாய். ஆக அவர் கேட்டது 1,33,350 ஆகக் குறைந்தது.

அவர் முகம் சுருங்கியது. இன்னும் குறையப் போகிறது என்று நினைத்திருப்பார்.

அடுத்து கார்டு. ஜப்பான் விடுதியின் 62,400 யென் ஸ்டேட்மென்ட்டில் இரண்டு வரிகளாக இருந்தது. முதல் வரி 34,507.20 ரூபாய். இது விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்பு தன் விகிதத்தில் மாற்றிய தொகை. வகுத்துப் பார்த்தால் ஒரு யெனுக்கு 0.553. இரண்டாம் வரி வங்கி சேர்த்த வெளிநாட்டு நாணயக் கட்டணம், 3.5 சதவீதம், 1,207.75 ரூபாய். சில வங்கிகள் இதைத் தனி வரியாகக் காட்டும், சில உள்ளேயே கரைத்துவிடும். தனி வரியாக வரும்போது அது தேதி தள்ளி, வேறு பெயரில், பட்டியலின் வேறு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கணக்கு எழுதுபவர்கள் வழக்கமாக விட்டுவிடுவது இதைத்தான். இரண்டையும் கூட்டினால் 35,714.95. அதை 62,400 ஆல் வகுத்தால் 0.572355. அவருக்கு ஒரு யென் உண்மையில் விழுந்த விலை இது. போனில் பார்த்த 56 பைசாவை விட அதிகம்.

யூரோ உணவுச் செலவுகளும் இதே வகை. ஒன்பது ரசீதுகள், இங்கே ஒரே வரியாகச் சொல்கிறேன். 186.40 யூரோ, வலையமைப்பின் விகிதம் 90.20, மாற்றிய தொகை 16,813.28, வங்கிக் கட்டணம் 588.46, ஆக 17,401.74. விழுந்த விலை யூரோவுக்கு 93.357.

இந்த ஒன்பதையும் ஸ்டேட்மென்ட்டோடு பொருத்தும்போதுதான் ஈஸ்டர் வந்து குறுக்கே நின்றது. மார்ச் 28 வியாழன் இரவு சாப்பாடு ஏப்ரல் 2 செவ்வாயன்று கணக்கில் ஏறியிருந்தது. 30 சனிக்கிழமை டாக்சியும் அன்றுதான். தேதியை வைத்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது. ரசீதின் வெளிநாட்டுத் தொகையை வைத்துத் தேட வேண்டும். 23.70 யூரோ என்றால் ஸ்டேட்மென்ட்டிலும் 23.70 யூரோ என்ற வரி இருக்கும். நாணயமும் தொகையும் மாறாது, தேதி மட்டும் நகரும். விகிதமும் ரசீது நாளுடையது என்று நம்பிவிடக் கூடாது, பரிவர்த்தனை வலையமைப்பில் கையாளப்பட்ட நாளுடையதாக இருக்கலாம். அதனால்தான் கார்டுச் செலவுக்கு வெளியிலிருந்து எந்த விகிதத்தையும் தேடிப் போவதில்லை. ஸ்டேட்மென்ட்டின் ரூபாய்த் தொகையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து விகிதத்தைப் பின்னோக்கி வகுத்து எழுதுகிறோம்.

ஜெர்மன் விடுதியின் 742 யூரோ இன்னொரு விதம் என்றேனே, அது இது. விடுதிப் பில்லில் யூரோ. கார்டுச் சீட்டிலோ பெரிய எழுத்தில் 70,490.00 ரூபாய், கீழே பொடி எழுத்தில் 742.00 யூரோ, விகிதம் 95.00. ஸ்டேட்மென்ட்டிலும் 70,490 ரூபாயாகவே வந்திருந்தது, வெளிநாட்டு நாணயமே இல்லாத வரியாக.

"மெஷின்ல ரூபாயா, யூரோவான்னு கேட்டுச்சு சார். நம்ம காசுல தெரிஞ்சா நல்லதுதானேன்னு ரூபாயை அமுக்கினேன்."

இந்த இடத்தில் மாற்றியது வங்கியோ கார்டு வலையமைப்போ அல்ல. கடையின் கார்டு இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். விகிதத்தை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். யூரோவையே அமுக்கியிருந்தால் மற்ற யூரோச் செலவுகளைப் போல 93.357 விலையில் 69,270.89 ரூபாய் ஆகியிருக்கும். 3.5 சதவீதக் கட்டணம் உட்படச் சொல்கிறேன். ஒரு பொத்தானுக்கு 1,219.11 ரூபாய். தன் நாணயத்தில் தொகை தெரிகிற ஆறுதலுக்கு இது கொஞ்சம் அதிக விலை என்பது என் கருத்து. ஆனால் பணம் போனது போனதுதான். எங்கள் விதி செலவான தொகையைத் தரச் சொல்கிறது, கெட்டிக்காரத்தனத்தைச் சோதிக்கச் சொல்லவில்லை. 70,490 முழுவதும் ஏற்றேன். விகித நெடுவரிசையில் 95.00 என்றும், ஆதார நெடுவரிசையில் 'கடை இயந்திரத்தில் மாற்றியது' என்றும் எழுதினேன். அப்படி எழுதாவிட்டால், ஒரே பயணத்தில் யூரோ ஓரிடத்தில் 93, ஓரிடத்தில் 95 என்பதைப் பார்த்துத் தணிக்கையாளர் திரும்பக் கேட்பார்.

ரொக்கத்துக்கு வருவோம். புறப்படும் முன் நாணய மாற்றகத்தில் 30,000 யென் வாங்கியிருந்தார். சீட்டு பத்திரமாக இருந்தது. விகிதம் 58.00, கொடுத்தது 17,400 ரூபாய். முதலில் அவர் இந்தச் சீட்டை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டேன். பயன்படுத்திப் பார்த்தாராம். 21,600-ஐ 58-ஆல் பெருக்கினால் 12,52,800 ரூபாய் வந்ததாம். பயந்துபோய் போன் விகிதத்துக்கு மாறிவிட்டார். யெனை நூறு நூறாக விலை சொல்வது வழக்கம். இந்தியாவில் வெளியாகும் குறிப்பு விகிதத்திலும் யென் 100 அலகுக்குத்தான் தரப்படுகிறது. சீட்டில் 58.00 என்று மட்டும் போட்டு, எத்தனை யெனுக்கு என்பதை விட்டுவிடுகிறார்கள். விகிதத்தை நம்ப முடியாதபோது சீட்டின் இரு முனைத் தொகைகளையும் வகுத்துவிட வேண்டும். 17,400-ஐ 30,000-ஆல் வகுத்தால் 0.58. செலவான 21,600 யெனுக்கு 12,528.00 ரூபாய்.

மீதி 8,400 யென் இருந்தது. திரும்பி வந்ததும் 8,000 யென் நோட்டுகளை 0.52 விலையில் விற்று 4,160 ரூபாய் வாங்கியிருந்தார். 400 யென் சில்லறைக் காசு. மாற்றகத்தில் காசுகளை எடுத்துக்கொள்ளவில்லை, பெரும்பாலும் எங்கும் எடுப்பதில்லை. இந்த 8,400-ஐ வாங்க அவர் கொடுத்தது 4,872 ரூபாய். கையில் வந்தது 4,160. இழப்பு 712. விற்ற நோட்டுகளில் 480, காசுகளில் 232. இதை உணவுக்குள்ளோ ரயிலுக்குள்ளோ திணிக்கக் கூடாது. 'மீந்த ரொக்கத்தை மாற்றியதில் இழப்பு' என்று தனி வரி. சில நிறுவனங்கள் இதைத் தருவதில்லை, எங்களுடையது தருகிறது.

மிஞ்சியது அந்த 3,260 யென் டாக்சி. அந்த ஒரு ரசீது மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் தின்றது.

முதல் குழப்பம் தேதி. ரசீதில் 06-03-20 என்றிருந்தது. 2020 மார்ச் 6 என்று படித்து, பழைய ரசீதை யாரோ செருகிவிட்டார்கள் என்று ஒதுக்கிவைத்திருந்தேன். ஜப்பானில் ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். அந்த 06, பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து எண்ணும் ரெய்வா ஆண்டு. ரெய்வா காலம் 2019 மே மாதம் தொடங்கியது, 2019 தான் முதல் ஆண்டு, ஆகவே ஆறாவது ஆண்டு 2024. மார்ச் 20, பயண நாட்களுக்குள் சரியாக விழுகிறது.

இரண்டாவது, விகிதம். கார்டு இல்லை, ஸ்டேட்மென்ட் இல்லை. நோட்டுகள் பழைய சொந்தப் பயணத்தில் மீந்தவை, வாங்கிய சீட்டும் இல்லை. வாங்கிய விலைக்கு ஆதாரமே இல்லாதபோது மட்டும் எங்கள் விதி ஒரு குறிப்பு விகிதத்துக்குப் போகச் சொல்கிறது. எங்கள் நிறுவனம் எழுதி வைத்திருப்பது ஐரோப்பிய மத்திய வங்கியின் தினசரிக் குறிப்பு விகிதம். இலவசமாகக் கிடைக்கும், பழைய தேதிகளும் கிடைக்கும், இரண்டு பேர் தனித்தனியே பார்த்தாலும் ஒரே எண் வரும். விலை நியாயமா என்பதைவிட இந்தக் கடைசிக் குணத்துக்காகவே அதை வைத்திருக்கிறோம்.

ஆனால் அந்த வங்கி யெனுக்கு ரூபாய் எவ்வளவு என்று சொல்வதில்லை. ஒரு யூரோவுக்கு எத்தனை யென், ஒரு யூரோவுக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் சொல்லும். இரண்டையும் இணைத்துக் குறுக்கு விகிதம் எடுக்க வேண்டும். அன்றைய எண்களை 163 யென், 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 90-ஐ 163-ஆல் வகுத்தால் ஒரு யெனுக்கு 0.552147 ரூபாய். தலைகீழாக வகுத்தால் 1.811 வரும். அதுவும் பார்க்க விகிதம் மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. ஒரு யென் ஒரு ரூபாயை விட மலிவு என்ற ஒரு சேதியை மனதில் வைத்திருந்தால் போதும். ரூபாய்த் தொகை யென் தொகையை விடப் பெரிதாக வந்தால் வகுத்தல் கவிழ்ந்திருக்கிறது. 3,260 யெனுக்கு 1,800.00 ரூபாய்.

பின்னத்தை எத்தனை இலக்கம் வைப்பது என்பதும் யெனில் அற்பமான கேள்வியல்ல. 0.552147-ஐ 0.55 என்று சுருக்கினால் இந்த டாக்சியில் 7 ரூபாய்தான் மாறும். அதே சுருக்கத்தை 87,260 யென் மொத்தத்துக்கும் போட்டால் 187 ரூபாய் காணாமல் போகும். யூரோவுக்கு 90.20 என்ற இரண்டு இலக்கம் தாங்கும், ஏனென்றால் முன்னால் இரண்டு இலக்கம் இருக்கிறது. யெனுக்கு முன்னால் பூஜ்யம்தான். நான் ஆறு இலக்கம் வைக்கிறேன். விகிதத்தை முழுதாக வைத்துப் பெருக்கி, ஒவ்வொரு வரியின் ரூபாய்த் தொகையை மட்டும் பைசாவுக்குச் சுருக்கி, சுருக்கிய தொகைகளைக் கூட்டுகிறேன். அப்போதுதான் தாளில் தெரியும் எண்களைக் கையால் கூட்டினாலும் தாளின் அடியில் உள்ள மொத்தமே வரும். தாளில் C தொகை, D விகிதம்.

```
=ROUND(C2*D2, 2)
```

குறிப்பு விகிதத்தில் இன்னொரு பொறி. மார்ச் 20 புதன்கிழமை, விகிதம் வெளியான நாள், அதனால் தப்பித்தோம். இந்த டாக்சி மார்ச் 30 அன்று ஓடியிருந்தால்? 2024-ல் மார்ச் 29 புனித வெள்ளி, ஏப்ரல் 1 ஈஸ்டர் திங்கள். இரண்டு நாளும் அந்த வங்கி விகிதம் வெளியிடாது, சனி ஞாயிறிலும் வெளியிடாது. நான்கு நாள் தொடர்ந்து வெற்றிடம். 28-ஆம் தேதியுடையதை எடுப்பதா, ஏப்ரல் 2-ஆம் தேதியுடையதை எடுப்பதா? இரண்டுக்கும் காரணம் சொல்ல முடியும், எண்களோ வேறு. கூடுதலாக வரும் பக்கம் எது என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்க இடம் தரக் கூடாது என்பதால், 'விகிதம் இல்லாத நாளில் அதற்கு முந்திக் கடைசியாக வெளியானது' என்று எங்கள் விதியில் ஒரு வாக்கியம் இருக்கிறது.

இப்போது தாள் இப்படி ஆனது.

| செலவு | நாணயம் | தொகை | விகிதம் | ஆதாரம் | ரூபாய் |
|---|---|---|---|---|---|
| விடுதி | JPY | 62,400 | 0.572355 | ஸ்டேட்மென்ட், கட்டணம் உட்பட | 35,714.95 |
| உணவு, ரயில் | JPY | 21,600 | 0.580000 | மாற்றகச் சீட்டு | 12,528.00 |
| டாக்சி | JPY | 3,260 | 0.552147 | குறிப்பு விகிதம், 20-03-2024 | 1,800.00 |
| விடுதி | EUR | 742.00 | 95.0000 | கடை இயந்திரத்தில் மாற்றியது | 70,490.00 |
| உணவு, போக்குவரத்து | EUR | 186.40 | 93.3570 | ஸ்டேட்மென்ட், கட்டணம் உட்பட | 17,401.74 |

கூட்டினால் 1,37,934.69. மீந்த ரொக்க இழப்பு 712 சேர்த்து 1,38,646.69.

நாணயத்துக்குக் குறியீடு போடாமல் மூன்றெழுத்துப் பெயர் போடுவதற்கும் காரணம் உண்டு. யெனுக்கும் சீன யுவானுக்கும் ஒரே குறிதான், டாலர் குறியை எத்தனையோ நாடுகள் பயன்படுத்துகின்றன. ரசீதில் குறி மட்டுமே இருந்தால் கடையின் முகவரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பிடித்துவைத்த 150 யூரோவை நீக்கியபின் அவர் கேட்டது 1,33,350 என்று சொன்னேனல்லவா. உண்மையில் செலவுகளுக்கு அவர் கையிலிருந்து போனது அதைவிட 4,584.69 அதிகம். ஒரே தாளில் இல்லாத செலவைக் கேட்டும் இருக்கிறார், இருக்கிற செலவை விட்டுக் கொடுத்தும் இருக்கிறார். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன. மொத்தத்தை மட்டும் பார்த்து 'கொஞ்சம் அதிகம்' என்று வெட்டியிருந்தால் இரண்டுமே தெரிந்திருக்காது.

ஆர்வத்துக்காக இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். சில நிறுவனங்கள் ஸ்டேட்மென்ட், சீட்டு எதையும் பார்க்காமல் எல்லா ரசீதுக்கும் குறிப்பு விகிதத்தையே போடுகின்றன. நாளுக்கு நாள் மாறியதை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் அதே 90, 163 எண்களைப் போட்டால் யூரோ 928.40-க்கு 83,556.00, யென் 87,260-க்கு 48,180.37. மொத்தம் 1,31,736.37. அதே ரசீதுகள்தான், அவற்றுக்கு நாங்கள் கொடுத்த 1,37,934.69-ஐ விட 6,198.32 குறைவு. அந்தக் கணக்கில் தவறு எதுவும் இல்லை. வங்கிக் கட்டணமும் மாற்றகத்தின் லாபமும் கடை இயந்திரத்தின் லாபமும் பயணியின் தலையில் விழுகின்றன, அவ்வளவுதான். விரைவான முறை, நூற்றுக்கணக்கான பயணிகள் உள்ள இடத்தில் அதன் வசதி எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படிச் செய்பவர்கள் கார்டுக் கட்டணத்துக்காவது தனி வரி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தாளின் அடியில், மொத்தத்துக்குக் கீழே, இதை எழுதச் சொன்னேன். அவர் முதலில் எழுதியிருந்தால் இந்த வேலையில் பாதி மிச்சமாகியிருக்கும்.

"கார்டுச் செலவுகள் ஸ்டேட்மென்ட்டில் ஏறிய ரூபாய்த் தொகையில், வங்கிக் கட்டணம் சேர்த்து. ரொக்கச் செலவுகள் இணைத்துள்ள மாற்றகச் சீட்டின் விகிதத்தில், 1 யென் 0.58 ரூபாய். சீட்டு இல்லாத ஒரு டாக்சிக்கு மட்டும் ஐரோப்பிய மத்திய வங்கியின் 20-03-2024 குறிப்பு விகிதத்தில், யூரோ வழியாக, 1 யென் 0.552147 ரூபாய். ஒவ்வொரு வரியும் பைசாவுக்குச் சுருக்கப்பட்டது."

யாருடைய விகிதம், எந்த நாளுடையது, எத்தனை அலகுக்கு, எந்தத் திசையில் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இனி என்னைக் கேட்காமலே இன்னொருவர் இந்தத் தாளை மறுபடி போட்டு 1,38,646.69-க்கு வந்து சேரலாம்.

கையெழுத்துப் போட வந்தபோது பொறியாளர் அந்த 400 யென் காசுகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "இதை என்ன சார் பண்றது? அடுத்த தடவை போனா செலவழிச்சுக்கலாமா?"

"தாராளமா செலவழிங்க. ஆனா அந்த ரசீதைக் கணக்குல போடும்போது விகிதம் பூஜ்யம்னு எழுதணும். இதுக்கு இப்பவே 232 ரூபாய் கொடுத்தாச்சு."

காசுகளை ஒரு சின்ன உறையில் போட்டு, மேலே 'JPY 400, 0.00' என்று எழுதி அவரிடமே கொடுத்தேன்.